மூன்று நட்சத்திரங்கள்

படையில் பதினேழு ஆண்டுகள் இருந்து, ஹவில்தாராகவே ஓய்வு பெற்றேன். 1991-இல் ஸ்ரீபெரும்புதூர் அருகே புதிதாக எழுந்த ஒரு தொழிற்சாலையில் முன்வாசல் காவலுக்குத் தலைவனாகச் சேர்ந்தேன். எனக்குக் கீழே ஐந்து பேர்.

திறப்பு விழாவுக்கு ஓய்வுபெற்ற பிரிகேடியர் ஒருவர் வருவதாக இருந்தது. ஆறு பேருக்கும் மிடுக்கான சீருடை வேண்டுமென்று மேனேஜர், கல்யாண பேண்டு கோஷ்டிகளுக்குத் தைக்கும் டெய்லரிடம் சொல்லிவிட்டார்.

சீருடை வந்தது. தோள்பட்டை ஒவ்வொன்றிலும் மூன்று நட்சத்திரம், அதாவது கேப்டன். விளிம்பில் பொன்னிறக் குஞ்சம்; எண்ணினேன், முப்பத்திரண்டு இழை. மணிக்கட்டில் மூன்று சுற்றுச் சரிகைப் பின்னல். தோளைச் சுற்றி, பட்டைக்கு அடியில் நுழைந்து, சட்டைப் பையில் உள்ள விசிலில் முடியவேண்டிய கயிறு லேன்யார்டு. இங்கே அதன் இரு முனைகளையும் துணியோடு தைத்திருந்தார்கள். விசிலை மாட்ட இடமே இல்லை.

டெய்லரிடம் போனேன்.

"விசில் எங்கேய்யா மாட்டுறது?"

"ஊதவா போறே? நின்னுகினு இருக்கத்தானே சார். பேண்டுகாரன் ஒருத்தனும் இப்டிக் கேட்டதில்ல."

"மூணு நட்சத்திரம் யாருக்கு உரியதுன்னு தெரியுமா?"

"ஒண்ணு வச்சா மொட்டையா கீது. மூணு வச்சாத்தான் தோளு ரொம்புது."

மேனேஜரிடமும் சொன்னேன்: "வர்றவர் பிரிகேடியர் சார். பார்த்ததுமே கோபப்படுவார்."

"மிலிட்டரி, உனக்கு எல்லாத்துலயும் ஒரு குறை. உனக்குப் பிடிக்கலைன்னா பிரிச்சுக்க. மத்தவங்களைக் கெடுக்காத."

பிரித்தேன். என் தோள்களிலிருந்து ஆறு நட்சத்திரங்களும் குஞ்சமும் போயின. லேன்யார்டின் ஒரு முனையை அவிழ்த்து விசிலைக் கோத்தேன். பிரிகேடியர் ஒருவராவது கண்டுகொள்வார் என்று உறுதியாக நம்பினேன்.

விழா நாளில் ஆறு பேரும் வரிசையாக நின்றோம். முதல் ஆள் நான். பிரிகேடியர் என் தோளைப் பார்த்தார், மேனேஜரிடம் திரும்பினார்.

"இவருக்கு டிரஸ் இன்னும் ரெடியாகலையா?"

அடுத்து நின்றவனின் குஞ்சத்தை விரலால் தட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"பிரமாதம்! எந்த ரெஜிமென்ட்?"

"பஸ் கண்டக்டரா இருந்தேன் சார்."

வாய்விட்டுச் சிரித்து அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். எல்லோரும் கை தட்டினார்கள். என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. நானே முந்திக்கொண்டு சொல்லியிருக்கலாம். விறைப்பாக நிற்கும்போது பேசக்கூடாது என்று பழகிய வாய் திறக்கவில்லை.

"பாத்தியா மிலிட்டரி?" என்றார் மேனேஜர், கார் போன பிறகு. "அவருக்கே பிடிச்சிருக்கு. உனக்குத்தான் பிடிக்கல."

மறுநாள் முன்வாசல் அந்தக் கண்டக்டருக்குப் போனது. என்னைப் பழைய இரும்பு லாரிகள் வரும் பின்வாசலுக்கு மாற்றினார்கள். அங்கே சீருடை தேவையில்லை என்று அதையும் திருப்பி வாங்கிக்கொண்டார்கள்.