நான்காம் மேசையின் முடி

எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். ஐம்பதுகளின் கடைசியில் பெங்களூர் தண்டு என்கிற கண்டோன்மென்ட் பகுதியில் ஒரு கல்லூரியின் பௌதிக லேபில் அட்டெண்டராக இருந்தேன். கணக்கு புரியாவிட்டாலும் எந்தச் சாமான் எப்படி நிற்க வேண்டும் என்று தெரியும். தெரிந்ததால்தான் பயமும்.

பரீட்சை நாள் காலையில் நான்காம் மேசையைத் துடைத்தேன். இரண்டு கண்ணாடித் தகடுகள் ஒரு ஓரத்தில் ஒட்டியிருக்கும். மறு ஓரத்தில் இரண்டுக்கும் இடையே ஒரு தலைமுடி. அந்த ஆப்பு போன்ற காற்று இடைவெளியில் மஞ்சள் விளக்கொளி பட்டால், மைக்ராஸ்கோப்பில் கறுப்பும் மஞ்சளுமாக நேர்க்கோடுகள் தெரியும். கோடுகளின் இடைவெளியை அளந்து முடியின் தடிமனைக் கணக்கிடுவார்கள். துடைக்கும்போது தகடுகளைக் கட்டியிருந்த ரப்பர் வளையம் அறுந்தது. தகடு பிரிந்து, முடி எங்கோ போய்விட்டது.

மணி அடிக்கப் பத்து நிமிடம். என் தலையிலிருந்து ஒன்றைப் பிடுங்கி அதே இடத்தில் வைத்து, வேறு வளையம் போட்டுக் கட்டினேன். கோடுகள் நேராகத்தான் வந்தன. ஆனால் முன்பைவிட நெருக்கமாக. முடி தடித்தால் அப்படித்தான் வரும். முந்தின நாள் லெக்சரர் ஒவ்வொரு மேசைக்கும் விடை அளந்து எழுதி வைத்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. யாரிடமும் சொல்லாமல் அடுத்த மேசையைத் துடைக்கப் போனேன்.

நான்காம் மேசை ரிச்சர்ட்ஸ் டவுனிலிருந்து வரும் ஒரு மாணவிக்கு விழுந்தது. போன முறை பிராக்டிகலில் தவறியவள். இந்த முறையும் போனால் வீட்டில் படிப்பை நிறுத்திவிடுவார்கள் என்று வாசலில் தோழியிடம் சொன்னதைக் கேட்டிருந்தேன்.

வெளியூர் எக்ஸாமினர் அவள் தாளையும் லெக்சரர் எழுதி வைத்த விடைப் பட்டியலையும் பார்த்தார். "ஏம்மா, இது முடியா, துடைப்பக் குச்சியா?"

அவள் மூன்றாம் முறை அளந்தாள். அதே விடை. கண் கலங்கி, பழைய அளவுகளை அடிக்கப் பேனாவை எடுத்தாள். வேலை போனால் ஜீவனஹள்ளியில் என் வீட்டில் நாலு பேர் பட்டினி. இருந்தும் கால் தானாக நடந்தது.

"சார், முடி மாறிடுச்சு. இப்ப இருக்கறது என்னோடது."

அவர் என் தலையைப் பார்த்தார். "இதை எப்பய்யா வச்சே?"

"காலைல சார்."

"இவ்வளவு நேரம் வேடிக்கை பாத்தியா?"

அவரே குனிந்து கோடுகளை அளந்தார். நான் பத்துத் தடவையாவது முகத்தைத் துடைத்திருப்பேன். பிறகு அவள் விடைக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் டிக் போட்டு, "ஆய்த்து, நீ போம்மா" என்றார். என் பக்கம் திரும்பி, "நீ இரு" என்றார்.

அவள் போகும்போது என்னருகே நின்றாள்.

"காலைலயே சொல்லியிருக்கலாமே அண்ணா. என் கண்ணுதான் கெட்டுப்போச்சோன்னு நெனச்சேன்."

மறுபடி எக்ஸாமினர் பக்கம் திரும்பினேன். லெக்சரர் படியேறி வரும் சத்தம் கேட்டது.