இரண்டாவது டொபி

அலுவலக முத்திரை விழுந்த எந்தத் தாளும் எங்கள் முன்பள்ளிகளில் சுற்றுநிருபம், மீறக்கூடாத கட்டளை, ஆகிவிடும். கிளிநொச்சியில் இத்தனை வருடம் உளவளத்துணை வேலை பார்த்தவளுக்கு இது தெரியாதா? தெரிந்தும் ஒரு தாளில் முத்திரையைக் குத்தினேன்.

இணையத்தில் வாசித்த கட்டுரை அது. ஒரு இனிப்பை உடனே தின்னாமல் இரண்டாவதுக்காகக் காத்திருக்கும் பிள்ளை வாழ்க்கையில் முன்னுக்கு வருமாம். மயங்கிப் போனேன். ஒரே மூச்சில் தமிழில் எழுதி, முன்பள்ளி ஆசிரியர்களின் பயிற்சிப் பட்டறையில் கொடுத்துவிட்டேன்.

சில மாதம் கழித்து முரசுமோட்டைப் பக்கம் ஒரு முன்பள்ளிக்குப் போனேன். அடுத்த வருடம் முதலாம் வகுப்புக்குப் போகவிருக்கிற ஒரு சிறுமியின் அறிக்கையில் சிவப்பு மையால் எழுதியிருந்தது: தன்னடக்கம் இல்லை.

"இது எப்பிடித் தெரியும், ரீச்சர்?"

"நீங்கள் தந்த சோதினைதானே, மிஸ். டொபியைக் கண்ட உடனேயே வாயில போட்டிட்டா. தாயிட்டயும் சொல்லிப்போட்டன்."

முதலில் செய்திருக்க வேண்டியதை அன்று பின்னேரம்தான் செய்தேன். அந்த ஆய்வை வேறு யாராவது திரும்பச் செய்து பார்த்தார்களா என்று தேடினேன். செய்திருந்தார்கள். முதல் ஆய்வில் இருந்தவர்கள் ஒரு பல்கலைக்கழக முன்பள்ளியின் கொஞ்சப் பிள்ளைகள். பிறகு பலதரப்பட்ட பிள்ளைகளை நிறையச் சேர்த்துப் பார்த்தபோது காத்திருப்பதற்கும் முன்னுக்கு வருவதற்கும் இருந்த தொடர்பு சுருங்கிவிட்டது. வீட்டு நிலைமையையும் கணக்கில் எடுத்தால் மிச்சம் சொற்பம்தான். உளவியலில் பேர்போன பல முடிவுகளுக்கும் இதே கதிதான். வியப்பானது அச்சேறுகிறது, ஒரு தொடர்பும் தெரியவராத ஆய்வு மேசை லாச்சிக்குள் கிடக்கிறது. கட்டுரைக்காரர் இதைப் பற்றி மூச்சும் விடவில்லை. நானும் கேட்கவில்லை. தொடர்பு உண்மையாகவே இருந்திருந்தாலும், பல பிள்ளைகளின் சராசரியை வைத்து ஒரு பிள்ளைக்குத் தீர்ப்பு எழுத முடியுமா?

மறுநாள் காலையிலேயே அந்த முன்பள்ளியில் போய் நின்றேன்.

"அப்ப அது பொய்யோ, மிஸ்?"

"பொய்யெண்டில்லை, ரீச்சர். ஒருக்காக் கண்டதை முடிஞ்ச முடிவெண்டு எழுதிப்போட்டினம். பிழை என்ரதான். புது அறிக்கை எழுதுவம்."

எழுதினோம். பட்டறைக்கு வந்த மற்ற முன்பள்ளிகளின் பட்டியலையும் எடுத்தேன். ஒன்றும் விடாமல் நேரில் போவதென்று முடிவு. முதலில் அந்தச் சிறுமியின் வீடு.

தாய் கூலிக்கு வயல்வேலை செய்பவர். தேத்தண்ணியும் ஒரு தட்டில் பிஸ்கற்றும் கொண்டுவந்து வைத்தார். சிறுமி எதிரே கதிரையில் வந்து இருந்தாள். கைகளைத் தொடைக்குக் கீழே வைத்து அமத்திக்கொண்டு தட்டையே பார்த்தாள்.

"ஒவ்வொரு நாளும் இப்பிடி இருத்திப் பழக்கிறன், மிஸ்," என்றார் தாய். "முந்தி அழுவா. இப்ப அழுறேல்லை."

புது அறிக்கையை நீட்ட எனக்குக் கை வரவில்லை. தட்டைப் பிள்ளையின் பக்கம் தள்ளினேன்.

"சாப்பிடுங்கோ, பிள்ளை."

அவள் என்னைப் பார்க்கவில்லை. தாயைப் பார்த்துக் கேட்டாள்: "இது சோதினையோ, அம்மா?"