சாந்தாமேரி மேல் விழுந்த துரு

ஏற்காட்டு லாட்ஜ் ஒன்றில் பதினோரு வருடம் படுக்கைவிரிப்பு துவைத்தவள் சாந்தாமேரி. பாதிரியார் அங்கியைக்கூட அவள் கையில்தான் துவைக்கத் தருவார்கள். அந்தக் கைக்குத்தான் 1986இல் கெட்ட பெயர் வந்தது.

லாட்ஜ் முதலாளி கோவிந்தராஜ் சேலத்துக்காரர். கொல்லையில் ஆழ்துளைப் போர் போட்டு, முன்னூறு அடியில் தண்ணீர் பீறிட்டதும் பாதி ஊருக்குச் சொல்லிவிட்டார். குழாயிலிருந்து ஒரு டம்ளர் பிடித்து வெயிலுக்கு நேரே தூக்கிக் காட்டுவார். பளிங்குபோல இருக்கும். அதே டம்ளர் மதியம்வரை மேஜையில் கிடந்தால் சிவந்துவிடும் என்பதைப் பார்க்க அவருக்கு நேரமில்லை. பெரிய மனிதர்களுக்கு நேரம் ஏது? ஒரே மாதத்தில் விரிப்புகளெல்லாம் பழுப்பேறின.

சேலத்திலிருந்து வந்த மாதையன் என்ற பம்பு மெக்கானிக் ஒரு வாளித் தண்ணீரை முகர்ந்து பார்த்துச் சிரித்தார்.

"இரும்புங்க. பூமிக்குள்ள காத்தில்லாம கரைஞ்சு கெடக்குது, அதனால கண்ணுக்குத் தெரியாது. காத்துப் பட்டா துருவாயிடும். நம்மளே மொதல்ல காத்துக் காட்டிட்டு, துருவாக்கி, மணல்ல புடிச்சுக்கோணும்."

நாலு அலுமினியத் தட்டுகளில் ஓட்டை போட்டு, இடைவெளி விட்டு ஒன்றின்மேல் ஒன்றாக நிறுத்தினார். தண்ணீர் மழைபோல ஒவ்வொன்றாக விழுந்து, கீழே ஒரு தொட்டியில் கலங்கி நின்று, பாதித் துருவை அடியில் படியவிட்டு, பிறகு மணல் தொட்டிக்குள் இறங்கியது. வெளியே வந்த தண்ணீர் நாள் கணக்கில் வைத்தாலும் சிவக்கவில்லை. வாரம் ஒருமுறை மேல் மணலை ஒரு விரல் கனத்துக்குச் சுரண்டி அலசிப் போடும் வேலையைச் சாந்தாமேரி ஏற்றுக்கொண்டாள். விரிப்புகள் மறுபடி வெளுத்தன. அவளுக்கும் மனசு வெளுத்தது.

கோடை விழா நெருங்கியது. துரு படிந்து செக்கச்செவேலென்று நின்ற தட்டுகள் கோவிந்தராஜின் கண்ணை உறுத்தின.

"கெஸ்டு வர்ற எடத்துல இதென்ன அசிங்கம்? கழட்டிப் போடுங்க."

தட்டுகள் சமையற்கட்டுக்குப் போய் உருளைக்கிழங்கு சுமந்தன. போர்க் குழாயை நேரே மணல் தொட்டிக்குள் விட்டு, மேலே மூடியும் போட்டாயிற்று. மறுபக்கம் வந்த தண்ணீரை டம்ளரில் பிடித்தார். பளிங்கு!

"பாத்தியா? மணலே போதும். தட்டெல்லாம் மெக்கானிக்கு பொழைக்கற வழி."

"காத்தே படலீங்களே மொதலாளி. கரைஞ்சிருக்கறது மணல்ல எப்படிங்க நிக்கும்?"

"நீ துணி தொவைக்கற வேலையப் பாரு."

ஒரு வாரத்தில் விரிப்புகள் மறுபடி பழுப்பேறின. விழாவுக்கு வந்திருந்த ஒரு குடும்பம் அறையைக் காலி செய்துகொண்டு போனது. அன்று காலையே கொல்லையில், சமையல்காரரும் மற்ற வேலையாட்களும் பார்க்க, கோவிந்தராஜ் கத்தினார்:

"தண்ணி கண்ணாடியாட்டம் இருக்குது. கோளாறு உன் கையிலதான். பிளீச்சிங் பவுடர் போடறதில்ல, சோம்பேறி. ஞாயித்துக்கிழமையோட கணக்க முடிச்சுக்கோ."

வேலை போவதைக்கூடச் சாந்தாமேரி தாங்கிக்கொள்வாள். கையைச் சொன்னதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"ஏனுங்க, அப்ப உங்க கையால ஒண்ணு தொவைச்சுக் காட்டுங்க. பாத்துட்டு நான் போயிக்கறனுங்க."

பத்துப் பேர் பார்க்கும்போது முதலாளி பின்வாங்குவாரா? விழா மேடைக்கென்று வாங்கிய புது வேட்டியையே எடுத்துவரச் சொன்னார். வாளி நிறைய அந்தப் பளிங்குத் தண்ணீர். அதில் தாராளமாக ரெண்டு கை பிளீச்சிங் பவுடர். வேட்டியை முக்கி, ஒரு கட்டையால் கிளறினார்.

காற்று மதியம்வரை எடுத்துக்கொண்டு செய்யும் வேலையை, பவுடர் நிமிஷத்தில் செய்தது. வாளி டீக்கடைக் கழிநீராக மாறியது. வேட்டியைத் தூக்கினார். சாமியார் கட்டுகிற நிறம்.

சமையல்காரர் உள்ளே போனார்; உருளைக்கிழங்கைத் தரையில் கொட்டுகிற சத்தம் கேட்டது. கழுவிய தட்டுகளோடு அவர் திரும்பி வந்தபோது, கோவிந்தராஜ் இன்னும் வேட்டியைப் பிடித்தபடியே நின்றிருந்தார்.

"சாந்தாமேரி... நீ எங்கயும் போக வேண்டாம். சாயங்காலம் மேடை ஏறோணும். இத எப்படியாச்சும் வெளுத்துக் குடு."

"எலுமிச்சம்பழமும் உப்பும் போட்டுத் தேய்ச்சு, வெயில்ல வெச்சா போயிடுமுங்க. ஓடைத் தண்ணியில அலசோணும்."

"செரி, எடு."

அவள் பழத்தை இரண்டாக வெட்டி, ஒரு பாதியைத் துவைகல்மேல் வைத்துவிட்டு நகர்ந்து நின்றாள்.

"உக்காருங்க மொதலாளி. என் கையிலதான் கோளாறுன்னீங்களே."

கோவிந்தராஜ் அக்கம்பக்கம் பார்த்தார். பிறகு கல்லருகே குந்தி உட்கார்ந்து, பழத்தைக் கையில் எடுத்தார்.