குழு வட்டியில் பிடித்த வரி

சேரன்மகாதேவிக்கு மேற்கே ஓர் ஊரில் பதினெட்டுப் பெண்கள் நடத்தும் சேமிப்புக் குழுவுக்குச் சுபைதா பேகம் பன்னிரண்டு வருடமாகப் பொருளாளர். பத்தாவது வரை படித்தவர், பீடி சுற்றிப் பிழைப்பவர். அதிகம் பேசமாட்டார். பேச்செல்லாம் தலைவி கோமுவின் பங்கு. பழைய பண்ணை வீட்டு மருமகள் கோமு. பாளையங்கோட்டையில் தன் பெயரில் மூன்று வீடு இருப்பதையும், வாடகையே மாதம் அறுபதாயிரம் வருவதையும் ஒரு கூட்டத்திலும் சொல்லாமல் விட்டதில்லை.

போன வருடம் ஓர் உறுப்பினர் கடனோடு திருப்பூர் போய்விட்டார். இனி யாருக்கும் கடன் கிடையாது என்று சொல்லிவிட்டார் கோமு. சேர்ந்திருந்த எட்டு லட்சமும் ஏப்ரலில் குழுவின் பெயரில் வங்கி வைப்புநிதிக்குப் போனது. அன்றே வங்கியில் 15ஜி என்றொரு படிவம் கொடுத்தார்கள். குழுவுக்கு வரி கட்டும் அளவு வருமானம் இல்லை என்று எழுதிக் கொடுக்கும் படிவம். சுபைதா நிரப்பிக் கொண்டுபோனபோது கோமு அதைத் தொடவேயில்லை.

“வருமானம் இல்லைன்னு நான் கையெழுத்துப் போடவா? எங்க வீட்டு ஆள் எவனும் அப்படி எழுதிக் கொடுத்ததில்ல.”

அக்டோபரில் பாஸ்புக்கைப் பதிந்து பார்த்தால், ஆறு மாத வட்டி இருபத்தெட்டாயிரம் வரவேண்டிய இடத்தில் இருபத்தையாயிரத்து இருநூறுதான் இருந்தது. மிச்சத்தில் பொருளாளர் கை வைத்துவிட்டார் என்ற பேச்சு இரண்டே நாளில் ஊரைச் சுற்றியது. பேச்சு எந்த வீட்டிலிருந்து கிளம்பியது என்று சுபைதாவுக்குத் தெரியும். அவர் சண்டைக்குப் போகவில்லை. ஒரு நாள் பீடிக் கூலியை விட்டுவிட்டு வங்கிக்கும், அங்கிருந்து அம்பாசமுத்திரத்தில் ஓர் ஆடிட்டரிடமும் போய்வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அங்கன்வாடியில் கூட்டம். சுபைதா எழுந்தார்.

“அஞ்சே நிமிஷம் பேசுதேன். ரூபாயை யாரும் எடுக்கல. வைப்புநிதி வட்டி வருஷத்துக்கு அம்பதாயிரத்தைத் தாண்டினா வங்கியே நூத்துக்குப் பத்து வரி பிடிச்சிரும். நமக்கு அம்பத்தாறாயிரம் வரும். சாதா சேமிப்புக் கணக்கா இருந்தா பிடிக்கமாட்டாங்க.”

“அப்போ போனது போனதுதானா?” என்று கேட்டாள் குழுவில் இளையவளான கிரேஸி.

“இல்லட்டி. பிடிச்ச வரி நம்ம குழு பான் நம்பர்ல வரவு இருக்கு. மார்ச் முடிஞ்சு குழு பேர்ல வருமானக் கணக்குத் தாக்கல் பண்ணினா திரும்பி வரும். நாலு லட்சம் வரைக்கும் வரி கிடையாது. இப்பவே 15ஜி கொடுத்தா இனிமே பிடிக்கவும் மாட்டாங்க.”

“பெறகென்ன, கொடுத்துர வேண்டியதுதான்” என்றார்கள் நாலைந்து பேர்.

“ஒரு சங்கதி இருக்கு. நம்ம எல்லாருக்கும் பங்கு சமம்னு விதியில இருக்கு, அது சரி. ஆனா நம்மள்ல ஒருத்தருக்குச் சொந்த வருமானம் வரி வரம்பைத் தாண்டினாக்கூட, அந்த நாலு லட்சச் சலுகை குழுவுக்குக் கிடையாது. மொத்த வருமானத்துக்கும் நூத்துக்கு முப்பதுக்கு மேல வரி. அப்படி இருக்கையில 15ஜி கொடுத்தா பொய்க் கையெழுத்து.”

பீடி சுற்றுகிறவர்கள், வயல் வேலைக்குப் போகிறவர்கள், தையல் மெஷின் வைத்திருப்பவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் கோமுவைத் திரும்பிப் பார்த்தார்கள். அறுபதாயிரம் வாடகையைப் பன்னிரண்டு மாதத்துக்குப் பெருக்க அங்கே எல்லாருக்கும் தெரியும்.

“உங்களால நாங்க கெட்டோமே யக்கா!” என்றாள் கிரேஸி.

கோமு சேலைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டார். “எனக்கு நெல்லு வருது” என்றார்.

“விவசாய வருமானத்துக்கு வரி இல்லக்கா. அதைக் கணக்குல சேக்காண்டாம்” என்றார் சுபைதா. “வீட்டு வாடகையைத்தான் கேக்காங்க.”



“அந்த வீடு மூணும் இப்ப இல்ல” என்றார் கோமு, பைய. “பெரியவன் கடை வைக்கணும்னான். நாலு வருஷத்துக்கு முந்தியே கையெழுத்துப் போட்டு வித்தாச்சு. கடையும் போச்சு.”

தன்மேல் வந்த பழி தீர்ந்ததில் சந்தோஷப்படலாம் என்றுதான் சுபைதா காலையிலிருந்து நினைத்திருந்தார். அந்த நேரத்தில் அவரால் அது முடியவில்லை. படிவத்தை நீட்டி, கையெழுத்துப் போடவேண்டிய இடத்தை மட்டும் விரலால் காட்டினார். கோமு போட்டார்.

திங்கட்கிழமை இருவரும் வங்கிக்குப் போனார்கள். “எங்க குழுவுக்குப் பெரிய வரி போடப் பாத்தாங்க சார். நான்தான் விடல” என்று மேனேஜரிடம் சொன்னார் கோமு. சுபைதா ரசீதை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார்.

அடுத்த மூன்று மாத வட்டி பதினாலாயிரம் முழுதாக வந்தது. பொருளாளரைப் பற்றிப் பேசியவர்கள் யாரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. தலைவிக்கு நன்றி சொல்லி ஒரு தீர்மானம் மட்டும் போட்டார்கள். தலைவியின் விடாமுயற்சியால் குழுவின் வட்டி காக்கப்பட்டது என்று தீர்மானப் புத்தகத்தில் இருக்கிறது. குழுவில் நல்ல கையெழுத்து சுபைதாவுக்குத்தான் என்பதால், அதை எழுதியவரும் அவர்தான்.