கிள்ளானில் இல்லாத கழுதை

மலேசியாவில் நான் வளர்ந்த கிள்ளானில் ஒரு கழுதையைக்கூடப் பார்த்ததில்லை. ஆனால் கழுதை என்று திட்டு வாங்காத வாரம் இல்லை. கப்பலேறி வந்தவர்கள் விலங்கை விட்டுவிட்டு வசவை மட்டும் கொண்டுவந்திருக்கிறார்கள்.

அப்பா ஒரு மாவுக் கிடங்கில் மூட்டை தூக்கினார். பள்ளி விடுமுறையில் வீட்டில் ஆளில்லை. எட்டு வயதில் நானும் அங்கே காலிச் சாக்குக் கட்டின் மேல் உட்கார்ந்திருப்பேன். சூப்பர்வைசர் நம் தமிழ் ஆள்தான். அப்பாவை எருமை என்பார். சீன முதலாளி மலாயில் கெர்பாவ் என்பார், அதுவும் எருமைதான். வங்காளதேசத்து அண்ணன் ஒருவர் தடுக்கினால் தன்னையே காதா என்று திட்டிக்கொள்வார். அவர் ஊரில் அது கழுதை. சுமப்பதைத்தான் எல்லா மொழியிலும் கேவலப்படுத்தினார்கள்.

தேநீர் வேளையில் கேட்டேன். "எருமை என்னப்பா தப்பு பண்ணுச்சு?"

"ஒன்னும் பண்ணல. அடிச்சாலும் மெதுவாத்தான் நடக்கும்."

"குரங்கு?"

"நம்ம மாதிரியே கை நீட்டித் திருடுதுல்ல. பாக்க மனுசனுக்கு வெக்கமா இருக்கும்."

"புலி?"

"அப்படிச் சொன்னா பெருமை லா."

"அது மூட்டை தூக்குமா?"

"கடிக்கும்," என்றார் அப்பா.

வேலை செய்யாமல் கடிப்பதற்குப் பெருமையா! எனக்குக் கோபம் வந்தது.

அன்று மழை. லோரியில் ஏற்றும் பலகையின் முன்னால் அப்பா முதுகில் மூட்டையோடு நின்றுவிட்டார். காலால் பலகையை அழுத்திப் பார்த்தார்.

"ஏன்டா எருமை மாதிரி நிக்கிற? ஏறு லா!" என்று சூப்பர்வைசர் அதட்டினார்.

நான் எழுந்து அவரைப் பார்த்துக் கத்தினேன்: "நீங்கதான் புலி!"

எனக்குத் தெரிந்ததிலேயே மோசமான வசவு அதுதான். சூப்பர்வைசர் வயிறு குலுங்கச் சிரித்தார். "பாத்தியாடா, உன் மகளுக்கே தெரியுது!" என்று என் கையில் மிட்டாய் வைத்தார். எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தபடியே பலகையில் கால் வைத்தார்.

பலகை வழுக்கியது. முழங்கால் போயிற்று. அதற்கும், "எருமைக்குப் பாத்து நடக்கத் தெரியாதா?" என்றுதான் கேட்டார்கள். இரண்டு மாதம் அப்பா வீட்டில் கிடந்தார். பிறகு அந்தக் கிடங்கு அவரைக் கூப்பிடவில்லை.

பல வேலை, பல ஊர் சுற்றியபின், தமிழ்நாட்டில் ஓர் ஆற்றோரத்தில்தான் முதன்முதலாகக் கழுதையைப் பார்த்தேன். மணல் சுமந்து வந்தது, ஈரமான சரிவில் நின்றுவிட்டது. ஓட்டியவன் பிரம்பால் விளாசினான். அது காதை முன்னே நீட்டி, ஒரு குளம்பை வைத்துப் பார்த்து, பின்னால் எடுத்தது. மண் சரிந்தது. பக்கத்தில் நின்றவர் சொன்னார், குதிரையாக இருந்தால் மிரண்டு ஓடியிருக்குமாம். கழுதை நின்று யோசிக்குமாம். யோசிப்பதற்குத்தான் அத்தனை அடி, அத்தனை வசவு.

அப்பா நின்றதும் அதற்காகத்தான். எட்டு வயதில் எனக்கு அது தெரியவில்லை. சூப்பர்வைசரைத் திட்டும்போதே, இத்தனை பேர் பார்க்க இப்படி மெதுவாக நிற்கிறாரே என்று அப்பாவை நினைத்து நானும் வெட்கப்பட்டுக்கொண்டிருந்தேன்.