இடப்பக்கம் திரும்பிய பிடிகள்

பேணாட் முப்பது வருடம் கப்பலில் இருந்தவர். கடைசிப் பத்து வருடமும் சறாங். மேல்தட்டு வேலையாட்களுக்கெல்லாம் அவர்தான் தலைவர். மனைவி திரேசம்மா இறந்தபோது அவர் நடுக்கடலில் இருந்தார். பிள்ளைகள் இல்லை. திருகோணமலை பாலையூற்றிலிருந்த வீட்டைப் பூட்டிவிட்டுத் திரும்பவும் கப்பலேறிவிட்டார்.

1980ஆம் ஆண்டு கல்கத்தாவிலிருந்து கொழும்புக்குப் பெட்டி ஏற்றும் சிறிய கப்பல் ஒன்றில் வேலை. பெட்டி என்றால் இருபது அடிக் கொள்கலன். மேல்தட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று அடுக்கு வரும். கீழ்ப் பெட்டியின் நான்கு மூலையிலும் ஒவ்வொரு பூட்டை வைத்து, அதன்மேல் அடுத்த பெட்டியை இறக்குவார்கள். பிறகு பூட்டின் பிடியைத் திருப்பினால் உள்ளேயிருக்கும் இரும்புத் தலை குறுக்கே திரும்பி, மேல்பெட்டி எழும்பாமல் பிடித்துக்கொள்ளும். உயரத்திலிருக்கும் பிடிகளை நீண்ட கம்பால் தள்ளவேண்டும். அதோடு பெட்டி வரிசையின் இரு முகப்பிலும் இரும்புக் கம்பிகளைக் குறுக்கும் மறுக்குமாகப் போட்டுத் தட்டோடு முறுக்கி இறுக்குவார்கள். கப்பல் ஆட ஆட அந்த முறுக்கு தளரும். தினமும் பார்த்து இறுக்கவேண்டும்.

இந்த வேலையில் பேணாட்டின் வலக்கை கிண்ணியா அன்ஸார். முப்பத்தெட்டு வயது. பேச்சுக் குறைவு. அவரைக் கப்பலுக்குச் சேர்த்துவிட்டதே பேணாட்தான்.

அந்த நவம்பரில் கல்கத்தாவில் ஏற்றி முடித்த மாலை, பேணாட் வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தார். வலப்பக்க ஓரத்து அடுக்கில் ஏழெட்டுப் பிடிகள் மற்றவற்றுக்கு எதிர்ப்புறமாக நின்றன.

“அன்ஸார், இதென்ன? பூட்டினா எல்லாப் பிடியும் இடப்பக்கம் வரவேணுமெண்டு தெரியாதா?”

“தெரியும் சறாங். ஆனா இதுகள் பெட்டி இறக்கக்குள்ளேயே இடப்பக்கம்தான் நிண்டது. பூட்டி இருந்தா பெட்டி எப்பிடி இறங்கியிருக்கும்? அதான் நான் மற்றப் பக்கம் திருப்பினன்.”

பேணாட்டுக்குக் களைப்பு. ஒரு மணித்தியாலத்தில் கப்பல் புறப்படவேண்டும். “கதை வேண்டாம். எல்லாத்தையும் ஒரு பக்கமாக்கு. பார்க்கிறவனுக்குத் தெரிய வேணும்” என்றார்.

அன்ஸார் கம்பை எடுத்து ஒவ்வொரு பிடியாக இடப்பக்கம் தள்ளினார்.

நான்காம் நாள் வங்கக் கடலில் புயற்காற்று. பக்கவாட்டில் வந்த அலை கப்பலைச் சடார் சடாரென்று இரு புறமும் சாய்த்தது. விடிந்ததும் தலைமை அதிகாரி, தளர்ந்த கம்பிகளை இறுக்கச் சொல்லி ஆள் அனுப்பினார். அன்ஸார் முன்னால் போனார். பேணாட் பத்தடி பின்னால்.

கப்பல் இடப்பக்கம் ஆழச் சாய்ந்தது. வலப்பக்க அடுக்கின் உச்சிப் பெட்டி, அடியில் இரண்டு விரல் இடைவெளி தெரிய எழும்பியதைப் பேணாட் கண்ணால் கண்டார். திரும்ப வந்து அமரும்போது அது தன் இடத்தில் அமரவில்லை. அடுத்த சாய்வில் பக்கத்து அடுக்கில் போய் மோதியது. அதுவும் சரிந்தது. கம்பிகள் அறுந்து வீசின. “அன்ஸார்!” என்று கத்தியது அவருக்கே கேட்கவில்லை. ஐந்து பெட்டிகள் கடலில் விழுந்தன. அன்ஸார் தட்டிலேயே கிடந்தார். மூச்சு இல்லை.

கிட்டிய துறைமுகம் திருகோணமலை. மறுநாள் பிற்பகல் மழைக்குள் கப்பல் உள்துறைமுகத்தில் நங்கூரம் போட்டது. அன்ஸாரின் ஜனாஸாவை இயந்திரப் படகில் கிண்ணியாவுக்குக் கொண்டுபோனார்கள். எல்லாரும் போனார்கள். பேணாட் போகவில்லை. சொந்த ஊர் கண்முன்னால் இருந்தது. கரையில் பஸ் போவதும் தெரிந்தது. அவர் முன்தட்டில் நனைந்துகொண்டு நின்றார்.

இரண்டு நாளில் ஒரு கதை ஊருக்குள் போய்விட்டது. பூட்டுகளைப் பூட்டாமல் விட்டவர் அன்ஸார்தானாம். தன் கவலையீனத்தால் தானே செத்தாராம். தலைமை அதிகாரி அப்படித்தான் எழுதியிருந்தார்.

விபத்தை ஆராயக் கொழும்பிலிருந்து கப்பல் சர்வேயர் பாக்கியரத்தினம் வந்தார். காலையில் அவரும் பேணாட்டும் நசுங்கிய பெட்டிகளுக்கிடையில் ஏறி இறங்கினார்கள். சர்வேயர் இரண்டு பூட்டுகளைக் கழற்றித் தட்டில் பக்கம் பக்கமாக வைத்தார். இரண்டின் பிடியும் இடப்பக்கம். ஒன்றில் இரும்புத் தலை குறுக்கே நின்றது. மற்றதில் நேராக, திறந்தபடி.

“இது எதிர்ப்பக்கம் பூட்டுற சாதி” என்றார் சர்வேயர், திறந்திருந்ததைக் காட்டி. “ரெண்டு சாதியும் எப்பிடிக் கலந்தது?”

பேணாட்டுக்குத் தெரியும். மூன்று மாதத்துக்கு முன் பழைய பூட்டுகள் ஒரு சாக்கு வந்தது. மேலிருந்த ஒன்றைத் திருப்பிப் பார்த்துவிட்டு, எல்லாவற்றையும் ஒரே பீப்பாவில் கொட்டியவர் அவர்தான்.

“மேலயும் பாரம் கூட” என்று சர்வேயர் தொடர்ந்தார். “சணல் பெட்டிக்கு மேல மெஷின் சாமான் ஏத்தியிருக்கினம். அந்தத் திட்டம் அதிகாரியின்ரை பிழை. ஆனா பூட்டு பிடிச்சிருந்தா சிலவேளை நிண்டிருக்கும். பூட்டினது அன்ஸார்தானே?”

கல்கத்தாவில் அந்த மாலை அவரும் அன்ஸாரும் பேசியதை வேறெவரும் கேட்கவில்லை. பேசாமல் இருந்தால் போதும்.

“அன்ஸார் சரியாத்தான் பூட்டினவர், ஐயா” என்றார் பேணாட். “நான்தான் திருப்பச் சொன்னனான். அவர் காரணமும் சொன்னவர். நான் கேக்கேல்லை.”

சர்வேயர் குறிப்பேட்டை எடுத்தார். “இதை எழுதிக் கையெழுத்து வைப்பீங்களா? பிறகு உங்களுக்குக் கப்பல் கிடைக்காது.”

“ஓம், வைக்கிறன்.”

வைத்தார். அதே கிழமை அவரைக் கப்பலிலிருந்து இறக்கிவிட்டார்கள்.

இறங்கிய அடுத்த நாள் கிண்ணியாவுக்குப் போனார். பஸ்ஸை ஏற்றிய மிதவைப் படகு அக்கரை சேரும்வரை ஒருவரோடும் பேசவில்லை. அன்ஸாரின் மச்சான் தாஹிர் வாசலில் கதிரை போட்டார். அன்ஸாரின் மனைவி ஸல்ஹா கதவுக்கு உள்ளே நின்றார். பேணாட் கதிரையில் இருக்காமல், நடந்ததை முழுக்கச் சொன்னார்.

உள்ளிருந்து குரல் வந்தது. “அவர் உங்களுக்கிட்ட சொன்னாரா, அது பிழையெண்டு?”

“சொன்னவர், பிள்ளை.”

“அப்ப ஏன் நீங்க கேக்கல்ல?”

களைப்பு என்றோ நேரமில்லை என்றோ சொல்லியிருக்கலாம். இரண்டும் உண்மைதான். தாஹிர் தணிந்த குரலில், “நீங்க போங்க” என்றார். பேணாட் வந்த வழியே நடந்தார்.

பாலையூற்று வீட்டைத் திறந்தபோது கறையான் அலுமாரியின் அடிப்பலகையைத் தின்றிருந்தது. படகுத்துறை ஒன்றில் காவல் வேலை கிடைத்தது. ஞாயிறு பூசைக்குப் போவார். முடிந்ததும் யாரும் கதை கொடுக்குமுன் வந்துவிடுவார். ஊரில் அவரைக் குறைசொன்னவர்கள் அதிகமில்லை. அவராகவே ஒதுங்கிக்கொண்டார்.

எண்பத்திரண்டு தையில் ஒரு காலை தாஹிர் படலையில் வந்து நின்றார். கையில் ஒரு கடிதம்.

“கப்பல் கொம்பனியில இருந்து வந்திருக்கு. நஜ்முன் நிஸா ரீச்சர் வாசிச்சுச் சொல்லிட்டா. உங்களுக்கும் காட்டச் சொன்னா ஸல்ஹா.”

பேணாட் முற்றத்தில் நின்றபடி ஆங்கிலத்தை மெதுவாக வாசித்தார். மாண்டவர்மேல் எந்தக் குற்றமும் இல்லை என்று முதல் வரியில் இருந்தது. நான்காம் வரியில், பிழையான உத்தரவு கொடுத்தவர் என்று சறாங்கின் பெயர் இருந்தது. அதை இரண்டு தரம் வாசித்தார்.

“உள்ள வாங்கோ. தேத்தண்ணி போடுறன்.”

“இல்ல. பஸ்ஸுக்கு நேரமாச்சு.” தாஹிர் கடிதத்தை வாங்கி மடித்துப் பைக்குள் வைத்தார். இரண்டடி போனவர் நின்றார். “அவ கோபத்தில அனுப்பல்ல. சரியா எழுதியிருக்கா எண்டு உங்களாலதான் சொல்ல ஏலும் எண்டா.”

“சரியாத்தான் எழுதியிருக்கு” என்றார் பேணாட்.

தாஹிர் தலையசைத்துவிட்டுப் போனார். பேணாட் குசினிக்குள் போய், தாஹிரைப் படலையில் கண்டதும் எடுத்துவைத்திருந்த இரண்டு கோப்பைகளில் ஒன்றைத் திரும்ப உள்ளே வைத்தார். தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. அடுப்பை அணைத்துவிட்டு வேலைக்குப் புறப்பட்டார்.