அவள் தோற்றால் எனக்கு வரும் பங்கு

என் கணவர் மாமரத்திலிருந்து விழுந்த ஆறாவது மாதம், வங்கியில் இருந்த இரண்டரை லட்சத்தை நான் வெளியே எடுத்தேன். அவருடைய முதுகுத்தண்டு அறுவை சிகிச்சைக்காகச் சேர்த்து வைத்திருந்த பணம் அது. சேலத்தில் ஒரு தனியார் மருத்துவர் நாலு லட்சம் ஆகும் என்று சொல்லியிருந்தார். கம்பைநல்லூரில் ஒரு தனியார் பள்ளியின் அலுவலகத்தில் ஃபீஸ் ரசீது போடும் வேலை எனக்கு. என் சம்பளத்தில் மிச்சம் பிடித்து அந்த ஒன்றரை லட்சத்தைச் சேர்ப்பதற்குள் அவர் கால் முழுவதுமாக மரத்துப்போய்விடும் என்று பயந்தேன்.

அந்தப் பயத்தில்தான் போனில் ஒருவனுடைய வீடியோக்களைப் பார்க்க ஆரம்பித்தேன். முப்பது வயதுக்குள் இருக்கும். "அக்கா, அண்ணா, நானும் உங்கள மாதிரி வெவசாயி வூட்டுப் புள்ளதான்" என்று நம் பக்கத்துப் பேச்சிலேயே பேசுவான். டாலர் விலை அடுத்த ஐந்து நிமிடத்தில் ஏறுமா, இறங்குமா என்று பணம் கட்டிச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அதற்கு ஒரு ஆப், அவன் கொடுக்கும் லிங்க் வழியாகச் சேர வேண்டும். எதில் பணம் போடுவது என்று தினமும் காலையில் அவனே தன் சேனலில் சொல்லிவிடுவான். சொல்வதற்குக் காசு வாங்க மாட்டான்.

"எதுக்கு அவன் சும்மா சொல்றான்?" என்று படுக்கையில் இருந்தபடி என் கணவர் கேட்டார்.

"நாலு பேரு முன்னேறட்டும்னுதான்" என்றேன். அவன் வீடியோவில் சொன்னதையே திருப்பிச் சொன்னேன்.

முதல் வாரம் ரெண்டாயிரம் லாபம் வந்தது. அதை வெளியே எடுக்கவும் முடிந்தது. என் வங்கிக் கணக்குக்கு வந்த அந்த ரெண்டாயிரம்தான் என்னை முழுவதுமாக நம்ப வைத்தது. அதன் பிறகு பத்தாயிரம், இருபதாயிரம் என்று போட்டேன். ஒவ்வொரு முறையும் யாரோ ஒரு தனிநபரின் பெயருக்குத்தான் பணம் போகும், ஒரு முறை வந்த பெயர் மறுமுறை வராது. அது ஏன் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

எங்கள் பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுக்கும் டீச்சர் ஒருவர் மதியச் சாப்பாட்டுக்கு என்னோடுதான் உட்காருவார். கணவர் இல்லாதவர். நான் போனையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு, "எனக்கும் சேத்துவிடுங்களேன்" என்றார். என் லிங்க் வழியாகச் சேர்த்துவிட்டேன். அதற்கு முன்பே அவன் ஒரு வீடியோவில் சொல்லியிருந்தான்: "நீங்களும் என் டீம்ல பார்ட்னர் ஆவுங்கக்கா, சேத்துவுடற ஒவ்வொருத்தருக்கும் போனஸ் இருக்குது." நானும் பார்ட்னர் ஆகியிருந்தேன்.

இரண்டு மாதத்தில் ஒன்றே முக்கால் லட்சம் போனது. இப்படி ஒரு வரியில் எழுதிவிட முடிகிறது. அந்த நாட்களில் பெற்றோர் நீட்டும் ஐந்நூறு ரூபாய் நோட்டுகளை எண்ணும்போதெல்லாம், என்னிடமிருந்து போனது இதில் எத்தனை கட்டு என்று கணக்குப் போடுவேன். வீட்டில் அவரிடம், "நல்லாத்தான் போவுதுங்க" என்றேன். அவருக்கு இட்லியைப் பிட்டுக் கொடுத்தபடி இந்தப் பொய்யைச் சொன்னேன்.

அந்தச் சமயத்தில்தான் "ரெக்கவரி பேட்ச்" என்று ஒன்றை அவன் அறிவித்தான். நஷ்டப்பட்டவர்களுக்கு மட்டும் தனி டிப்ஸ், குறைந்தது அறுபதாயிரம் போட வேண்டும். என்னிடம் எழுபத்தைந்தாயிரம் மிச்சம் இருந்தது. போட்டுவிடுவது என்றே முடிவு செய்தேன். விட்டதைப் பிடிக்காமல் அவர் முகத்தில் எப்படி விழிப்பேன்?

அதே வாரம் என் நாத்தனார் போன் செய்தாள். என் கணவரின் தங்கை, அரூர் பக்கத்தில் வாழ்க்கைப்பட்டவள். மரவள்ளிக் கிழங்கு விற்ற காசு ஒரு லட்சம் அவள் கையில் இருந்தது.

"அண்ணி, உங்க ஸ்கூல் டீச்சரு சேந்த புதுசுலயே கோயில்ல பாத்து எல்லாம் சொன்னாங்க. எனக்கும் போட்டுக் குடுங்க. சனிக்கெழம பஸ் ஏறி வர்றன்."

சரி என்றேன்.

பணம் போடுவதற்கு முன், நான் எங்கே தவறு செய்தேன் என்று பார்த்துவிடலாம் என்று நினைத்தேன். தவறு என்னுடையது என்றுதான் அப்போதும் நம்பினேன். அவன் சொன்னதை நான் சரியான நேரத்துக்குப் போடவில்லை போலிருக்கிறது என்று. அவன் சொன்ன ஒவ்வொரு டிப்ஸையும், பணம் போன பெயர்களையும் பள்ளியின் பழைய வருகைப் பதிவேடு ஒன்றின் வெற்றுப் பக்கங்களில் தேதியோடு குறித்து வைத்திருந்தேன். அலுவலகத்தில் பழகிய கை, எதையும் எழுதாமல் விடாது. வியாழக்கிழமை மதியம் அந்தப் பதிவேட்டையும் அவன் சேனலையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

என்னிடம் அறுபத்தொரு டிப்ஸ் இருந்தது. சேனலில் முப்பத்தொன்பதுதான். இல்லாத இருபத்திரண்டையும் பேனாவால் சுழித்தேன். இருபத்திரண்டும் தோற்றவை. அவன் அவற்றை ஓசையில்லாமல் அழித்திருந்தான். புதிதாக வருகிறவர்கள் பார்ப்பது முப்பத்தொன்பதில் இருபத்தொன்பது வெற்றி. உண்மையில் அது அறுபத்தொன்றில் இருபத்தொன்பது. பாதிகூட இல்லை. அந்த ஆப்பில் வென்றால் நூற்றுக்கு எண்பது ரூபாய்தான் லாபம், தோற்றால் நூறும் போய்விடும். பாதிக்குப் பாதி வென்றால்கூட நஷ்டம்தான் மிஞ்சும். ஃபீஸ் கணக்கில் ஒரு ரூபாய் விடாத எனக்கு இது இரண்டு மாதமாக உறைக்கவில்லை.

அவன் பக்கத்தில், தான் அரசிடம் பதிவு பெற்ற ஆலோசகர் என்று ஒரு எண்ணைப் போட்டிருந்தான். பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அரசு அமைப்பின் இணையதளத்தில் அந்த எண்ணைத் தட்டினேன். வேறு மாநிலத்தில் இருக்கும் வேறு ஒருவரின் பெயர் வந்தது. வீடியோவுக்குக் கீழே "மேலும்" என்று இருந்த இடத்தை முதல் முறையாக அழுத்தினேன். கடைசி வரியில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது: இது கல்விக்காக மட்டும், இந்த லிங்க்குகள் வழியாக எங்களுக்கு வருமானம் வரலாம்.

என்ன வருமானம்? அதற்கான பதில் என் போனிலேயே இருந்தது. நானும் பார்ட்னர்தானே. ஆப்பில் என் பார்ட்னர் பக்கத்தைத் திறந்தேன். டீச்சர் பெயருக்கு நேராக இரண்டு வரவுகள். மூவாயிரத்து இருநூறு, ஐயாயிரத்து அறுநூறு. முதல் தொகையை எடுத்து என் கணவருக்கு இடுப்புப் பட்டையும் மாத்திரையும் வாங்கியிருந்தேன். போனஸ் என்று நினைத்தேன். இப்போதுதான் தேதியைப் பார்த்தேன். டீச்சர் எட்டாயிரம் தோற்றுவிட்டு ஓய்வறையில் அழுத நாளும், எனக்கு மூவாயிரத்து இருநூறு வந்த நாளும் ஒன்று. பதினாலாயிரம் தோற்ற நாளில் ஐயாயிரத்து அறுநூறு. விதிமுறைப் பக்கத்தை எழுத்துக்கூட்டிப் படித்தேன். சேர்த்துவிடப்பட்டவர் இழக்கும் தொகையில் நூற்றுக்கு நாற்பது, சேர்த்துவிட்டவருக்கு.

அப்படியானால் நான் இழந்த ஒன்றே முக்கால் லட்சத்தில் எழுபதாயிரம் அவனுக்கு. நான் ஜெயித்தால் அவனுக்கு ஒன்றும் கிடையாது. நான் தோற்கத் தோற்கத்தான் அவன் சாப்பிட முடியும். ரெக்கவரி பேட்ச் எதற்கு என்பதும் புரிந்துவிட்டது.

இங்கே நிறுத்திவிட்டால் நான் நல்லவளாகத் தெரிவேன். அதனால் மிச்சத்தையும் எழுதுகிறேன். அந்த வியாழன் மதியத்திலிருந்து சனி காலை வரை நான் நாத்தனாருக்குப் போன் செய்யவில்லை. ஒரு லட்சம் அவள் தோற்றால் எனக்கு நாற்பதாயிரம். அந்தக் கணக்கு என் தலைக்குள் தானாக வந்து உட்கார்ந்தது. அவளுக்கு இன்னும் நிலம் இருக்கிறது, கிழங்கு அடுத்த வருடமும் விளையும், என் வீட்டில் ஒருவர் எழுந்து நடக்க முடியாமல் கிடக்கிறார். சோறு வடிக்கும்போதும், பள்ளிக்கு நடக்கும்போதும் இதே நினைப்பு. அவனிடம் இருந்த புத்தி எனக்குள்ளும் இருந்தது. அவனுக்கு ஆயிரம் பேர், எனக்கு இரண்டு பேர், அவ்வளவுதான் வித்தியாசம்.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு அவள் வந்தாள். அண்ணனைப் பார்த்து நலம் விசாரித்துவிட்டு, அடுப்படியில் என் பக்கத்தில் வந்து நின்று போனை நீட்டினாள்.

"சட்டுனு போட்டுக் குடுங்க அண்ணி. ஒரு மணி பஸ்ஸ வுட்டா சாயங்காலம்தான்."

"வேணாம் பாப்பா. எடுத்துக்கினு வூட்டுக்குப் போ."

அவள் முகம் சுருங்கியது. "நீங்க மட்டும் சம்பாரிக்கலாம், நான் கூடாதா?"

எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தேன். சேனலில் அழித்ததைச் சொன்னேன், பொய்யான பதிவு எண்ணைச் சொன்னேன். அவள் நம்பவில்லை. எனக்குப் பொறாமை என்றே எண்ணினாள். கடைசியில் பார்ட்னர் பக்கத்தைத் திறந்து அவள் கையில் கொடுத்தேன்.

"நீ ஒரு லட்சம் தோத்தா எனக்கு நாப்பதாயிரம் வரும். டீச்சரு தோத்ததுக்கு எனக்கு வந்துது, பாரு. நானும் ஒன்னேமுக்கா லட்சம் தோத்துட்டன். உங்கண்ணன் ஆபரேசன் பணம்."

அவள் திரையை விரலால் தள்ளி, டீச்சர் பெயருக்கு நேராக இருந்த இரண்டு வரவுகளையும் தேதியோடு படித்தாள்.

"இது உங்களுக்கு எப்பத் தெரியும் அண்ணி?"

"முந்தாநேத்து."

"முந்தாநேத்து தெரிஞ்சும் என்ன பஸ் ஏற வுட்டீங்களா?"

உள்ளறையிலிருந்து, "என்னா அங்க? யாரு என்ன தோத்தது?" என்று அவர் கேட்டார். அவர் காதில் எல்லாம் விழுந்திருந்தது.

நாத்தனார் ஒரு மணி பஸ்ஸுக்கே போய்விட்டாள். பணம் அவளிடமே பத்திரமாகப் போனது. அன்று அவர் என்னைத் திட்டவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்க முயன்றார், முடியவில்லை. என்னைக் கூப்பிட மனமில்லாமல் பாதியிலேயே கிடந்தார். நானே போய்த் திருப்பிவிட்டேன்.

திங்கட்கிழமை டீச்சரிடம் சொன்னேன். கையிலிருந்த எழுபத்தைந்தாயிரத்தில் எட்டாயிரத்து எண்ணூறை எடுத்துக் கொடுத்தேன். ஆப்பில் கிடந்த ஐயாயிரத்து அறுநூறை எடுக்கப் போனபோது சரிபார்ப்புக் கட்டணம் கட்டச் சொன்னது, விட்டுவிட்டேன். டீச்சர் பணத்தை வாங்கி ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டார். "மீதி?" என்றார். "அது அவங்கிட்ட போயிருச்சுங்க டீச்சர்" என்றேன். அன்றிலிருந்து மதியம் வேறு இடத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்.

தருமபுரிக்குப் போய் சைபர் குற்றப் பிரிவில் புகார் கொடுத்தேன். பதிவேட்டை வாங்கிப் பார்த்த பெண் காவலர், பணம் போன பெயர்களையெல்லாம் எழுதிக்கொண்டார். "ஒடனே வந்திருந்தா முடக்கியிருக்கலாங்க. ரெண்டு மாசம் ஆயிருச்சே" என்றார். ஒரு கணக்கில் நாலாயிரத்துச் சொச்சம் முடக்கியிருப்பதாகப் பிறகு தெரிவித்தார்கள். அது எப்போது கைக்கு வரும் என்று தெரியாது. அவன் சேனல் பத்து நாள் காணாமல் போய், வேறு பெயரில் வந்தது. அதே குரல், அதே "வெவசாயி வூட்டுப் புள்ள".

புகார் கொடுத்த அன்றே, அங்கிருந்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் போனேன். காப்பீட்டு அட்டையில் அறுவை சிகிச்சை செய்ய முடியும் என்றார்கள். இதை ஆறு மாதத்துக்கு முன்பே நான் கேட்டிருக்கலாம். மருத்துவர் ஸ்கேனை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, இடது கால் பழையபடி வரும் என்று உறுதி சொல்ல முடியாது, தாமதமாகிவிட்டது என்றார். வரிசையில் பெயர் எழுதியிருக்கிறார்கள். இன்னும் கூப்பிடவில்லை. வாரத்துக்கு ஒரு முறை பள்ளியில் அனுமதி கேட்டுக்கொண்டு மதியப் பஸ்ஸில் போய் விசாரித்துவிட்டு வருகிறேன். வீட்டுக்குள் நுழையும்போது அவர் என் முகத்தைப் பார்த்தே இன்னும் கூப்பிடவில்லை என்று தெரிந்துகொள்கிறார்.